ஹவில்தாருக்கு ஏன் தொடக்கச் சம்பளம்?

பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, நாற்பது வயதில் ஹவில்தாராக ஊர் திரும்புகிறார் ஒருவர். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,400 ரூபாய். தேர்வு எழுதி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்கிறார். கையில் வரும் ஊதிய நிர்ணய ஆணையில் 19,900 என்று இருக்கிறது. நேற்றுப் பள்ளி முடித்து வந்த பையனுக்கும் அதே 19,900தான். "என்னுடைய இருபது வருஷத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இன்னொரு கையில் வந்துகொண்டிருக்கும் பணத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுநியமனம் பெறும் ஓய்வூதியர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்க மத்திய அரசு 1986இல் ஓர் ஆணை போட்டது. பின்னால் வந்த திருத்தங்களோடு அதுதான் இன்றும் வழிகாட்டி. அது முதலில் பார்ப்பது, முந்தைய பணியிலிருந்து 55 வயதுக்கு முன்பு ஓய்வு பெற்றாரா, பின்பா என்பதை. 55க்கு முன்பே வந்தவர் அதிகாரி நிலைக்குக் கீழே இருந்த படைவீரர் என்றால், அவருடைய ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் சேராது. அது அவர் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதற்கு ஈடாகப் புதிய பதவியின் தொடக்கச் சம்பளத்தில்தான் அமர்த்துவார்கள். படை அதிகாரிகளுக்கும் சிவில் பணியின் முதல் பிரிவு அதிகாரிகளுக்கும் அந்தச் சலுகை 15,000 ரூபாய் வரைதான். அதற்கு மேற்பட்ட ஓய்வூதியம் புதிய சம்பளத்தில் கழிக்கப்படும்.

நம் ஹவில்தாருக்கு வருவோம். அடிப்படைச் சம்பளத்தோடு படைப்பணி ஊதியம் 5,200ஐச் சேர்த்துப் பாதி போட்டால் ஓய்வூதியம் 22,800. புதிய சம்பளம் 19,900. இரண்டும் சேர்ந்து 42,700. பட்டாளத்துச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆண்டு உயர்வும் இனிப் புதிதாக ஏறிக்கொண்டு போகும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது அகவிலை நிவாரணம். அரசு வேலையில் மறுபடி சேர்ந்தவருக்குச் சம்பளத்தின் மேல் அகவிலைப்படி வருவதால், ஓய்வூதியத்தின் மேல் வரும் நிவாரணத்தை நிறுத்திவிடுவது பொது விதி. ஆனால் ஓய்வூதியம் முழுவதும் ஒதுக்கப்பட்டு, சம்பளம் தொடக்க நிலையில் நிர்ணயிக்கப்பட்ட படைவீரருக்கு 1997 ஜூலை முதல் விலக்கு உண்டு. அவருக்கு இரண்டுமே வரும். நிவாரணம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இது மாதம் 11,400 ரூபாய் சமாச்சாரம். 19,900இல் உட்காரவைத்தார்களே என்று அவர் நொந்துகொண்டாரே, அந்த 19,900தான் இந்த 11,400ஐக் காப்பாற்றித் தருகிறது.

தவறு நடப்பதும் இங்கேதான். ஓய்வூதியம் வழங்கும் இடத்தில் 'மறுபடி வேலையில் இருக்கிறார்' என்று மட்டும் பதிவானால் நிவாரணம் நின்றுபோகலாம். ஆகவே சேர்ந்தவுடன் நிர்ணய ஆணையை வாங்கிப் படிக்க வேண்டும். ஓய்வூதியம் முழுவதும் ஒதுக்கப்பட்டது, தொடக்கச் சம்பளமே தரப்பட்டது என்ற இரண்டு விஷயமும் அதில் இருக்க வேண்டும். அதே வாசகத்தோடு அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி ஓய்வூதியம் வழங்குபவரிடம் கொடுத்துவிடலாம். விலக்கு இல்லாதவர் வேலையில் சேர்ந்ததைச் சொல்லாமல் நிவாரணத்தை வாங்கிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. என்றாவது தணிக்கையில் அகப்படும்போது, வாங்கிய தொகை மொத்தத்தையும் பிடிப்பார்கள்.

60 வயதில் ஓய்வு பெற்று மறுநியமனம் பெறுபவருக்குக் கணக்கு கறார். புதிய சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து கடைசிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. கடைசிச் சம்பளம் ஒரு லட்சம், ஓய்வூதியம் 50,000 என்றால் புதிய சம்பளம் 50,000. அவர் முன்பே 40 சதவீதத்தைக் கம்யூட்டேஷன் செய்து மொத்தமாகப் பணம் வாங்கியிருந்தால், மாதம் கைக்கு வருவது 30,000தான். ஆனாலும் கழிப்பது 50,000. முன்பணமாக வாங்கியதும் ஓய்வூதியம்தானே என்பது அரசின் வாதம், மறுப்பது கஷ்டம். ஓர் ஆறுதல்: அகவிலைப்படி, கழிப்பதற்கு முந்தைய ஒரு லட்சத்தின் மேல் கணக்கிடப்படும். ஓய்வூதியத்தின் மேல் நிவாரணத்தை நிறுத்துவதற்குக் காரணமும் அதுவே.

மறுநியமனம் வேறு, ஒப்பந்தத்தில் ஆலோசகராக அழைப்பது வேறு. 2020 டிசம்பரில் நிதி அமைச்சகம் போட்ட ஆணைப்படி ஆலோசகருக்கும் கடைசிச் சம்பளத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்தே தருகிறார்கள். மேலே சொன்ன அதே ஆளுக்கு அதே 50,000தான் வரும். ஆனால் இதில் அகவிலைப்படியும் இல்லை, ஆண்டு உயர்வும் இல்லை. ஒப்பந்தம் முடியும்வரை அந்தத் தொகை அப்படியே நிற்கும்.