பொய்யன் புதிரும் நாவிதர் புதிரும்

தன்னையே சுட்டும் கூற்று முரணில் முடியும் என்பதற்குப் பொய்யன் புதிரும் நாவிதர் புதிரும் ஒருங்கே சான்றாகக் கூறப்படுவதுண்டு. தோற்றத்தில் ஒத்திருப்பினும் இரண்டும் ஒரே வகையில் தீர்வன அல்ல. முரண் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவ்வேறுபாடே காட்டுகிறது.

நாவிதர் புதிரை பெர்ட்ரண்ட் ரஸல் 1918ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். ஓர் ஊரின் ஆடவருள் ஒருவரான நாவிதர், தமக்குத் தாமே மழித்துக்கொள்ளாத அவ்வூர் ஆடவர் அனைவருக்கும் மழிக்கிறார். பிறர் எவருக்கும் மழிப்பதில்லை. அவர் தமக்கு மழித்துக்கொள்கிறாரா? ஆம் எனின், தாமே மழித்துக்கொள்பவருக்கு அவர் மழிப்பதில்லையாதலால் விடை 'இல்லை' என மாறுகிறது. இல்லை எனின், மழித்துக்கொள்ளாதார் அனைவருக்கும் மழிப்பவராதலால் தமக்கும் மழித்தாக வேண்டும். இதனால் அளவையியலுக்குப் பழுதில்லை. அத்தகைய நாவிதர் எவ்வூரிலும் இருக்க இயலாது என்பதே முடிவு. ஒன்றை வரையறுத்துவிட்டதனாலேயே அது உண்டாகிவிடுவதில்லை.

பொய்யன் புதிர் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்க அறிஞர் யூபுலிடீஸின் பெயரால் வழங்குவது. அதனை 'இவ்வாக்கியம் பொய்' என அமைக்கலாம். இது உண்மையெனின், இது கூறுவது மெய்யாகும், எனவே பொய்யாகிறது. பொய்யெனின், இது கூறுவதும் அதுவே, எனவே உண்மையாகிறது. நாவிதரை இல்லையென்று விலக்கியதுபோல் இதனை விலக்க இயலாது. இலக்கண வழுவற்ற வாக்கியம் நம் கண்முன் நிற்கிறது.

தற்சுட்டு மட்டுமே இதற்குக் காரணமா? 'இவ்வாக்கியம் தமிழில் அமைந்துள்ளது' என்பதும் தன்னையே சுட்டுகிறது. ஆயினும் அது உண்மையே. சொல்லுக்குச் சொல் இந்தியில் பெயர்த்தால் பொய்யாகும், முரண் தோன்றாது. மறுபுறம், தன்னை நேரே சுட்டாத வாக்கியங்களிலும் முரண் எழுகிறது. ஒரு தாளின் முன்பக்கத்தில் 'பின்பக்க வாக்கியம் உண்மை' என்றும், பின்பக்கத்தில் 'முன்பக்க வாக்கியம் பொய்' என்றும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஒருங்கே உண்மையென்றோ பொய்யென்றோ கொள்ள இயலாது. ஒன்றை உண்மையாகவும் மற்றதைப் பொய்யாகவும் கொள்ளவும் இயலாது. பின்பக்கத்தில் 'இரண்டும் இரண்டும் நான்கு' என்றிருந்தால், அதே முன்பக்க வாக்கியம் குற்றமற்றது. ஆகவே முரணுடைய வாக்கியத்தை அதன் இலக்கண அமைப்பைக் கொண்டு மட்டும் இனங்காண முடியாது. சால் கிரிப்கி 1975இல் இதனை வலியுறுத்தினார்.

ஒரு மொழி தன் வாக்கியங்கள் அனைத்தின் உண்மை பொய்மையையும் தன்னுள்ளேயே கூறவல்லதாயின், தற்சுட்டும் எதிர்மறையும் அங்குக் கூடும்போது முரண் விளைகிறது. ஆதலால் ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933இல் மொழியை நிலைகளாகப் பகுத்தார். ஒரு மொழியின் வாக்கியம் உண்மையா என்பதை அதற்கு மேற்பட்ட மீமொழியில் மட்டுமே கூற இயலும். அப்பகுப்பில் 'இவ்வாக்கியம் பொய்' என்பதை அமைக்கவே வழியில்லை. இத்தீர்வு செயற்கையாக அமைத்த குறியீட்டு மொழிகளுக்கே முழுதும் பொருந்தும். தமிழ் முதலிய இயற்கை மொழிகளில் அவ்வேலி இல்லை. தமிழிலக்கணத்தையும் தமிழிலேயே எழுதுகிறோம். தன்னைப் பற்றியே பேசவல்ல அவ்வாற்றலைக் கைவிடாத வரையில், பொய்யன் புதிரும் அவற்றினின்று நீங்காது.