பலகையில் ஒரு தாள், குழுவில் ஒரு செய்தி

கல்லூரியில் தமிழ் மன்றத்துக்கோ நுண்கலை மன்றத்துக்கோ தேர்தல் வைத்தால், வேட்பாளருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அறிவிப்புப் பலகையில் ஓர் ஏ4 தாள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, அவ்வளவுதான். மேடையில் பேசவிட்டாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. அதைக் கேட்க எல்லாரும் வருவதும் இல்லை. வேறு துறையில் படிக்கும் ஒருவர் அந்த வேட்பாளரைத் தெரிந்துகொள்வது அந்தத் தாளை வைத்துத்தான். உழைக்கக்கூடிய பிள்ளைகள் பலர் அந்தத் தாளில் தங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஒரு வேட்பாளரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி, பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ் மன்றச் செயலாளர் பதவிக்கு நிற்கிறார். பேனாவைக் கையில் எடுத்ததும் அவர் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் வணக்கம். சிறு வயது முதலே தமிழ் மீது தீராத பற்றுக் கொண்டவள் நான். தலைமைப் பண்பும் குழுவாகச் செயல்படும் திறனும் எனக்கு உண்டு. எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தால் நமது மன்றத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்வேன். உங்கள் பொன்னான வாக்குகளை எனக்கே அளியுங்கள்."

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கீழே இருக்கும் பெயரை அடித்துவிட்டு எதிர் வேட்பாளரின் பெயரை எழுதினாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அறிமுகத்தில் எந்த வரி நிற்கும், எந்த வரி போகும் என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும். தமிழ்ப் பற்று, தலைமைப் பண்பு, அடுத்த கட்டம் எல்லாம் போட்டியாளருக்கும் அப்படியே பொருந்தும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தாளில் மிஞ்சுவது பெயரும் பதவியும் மட்டும்தான்.

அந்த வெற்றிடத்தில் எதை எழுதுவது? முதலில், அந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக மன்றச் செயலாளர் கூட்ட அறிவிப்பை எழுதுவார், ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பேராசிரியரிடம் கையொப்பம் வாங்கிப் பலகையில் வைப்பார், சிறப்பு விருந்தினருக்குக் கடிதம் எழுதுவார், கூட்டம் முடிந்ததும் அறிக்கை எழுதிப் பதிவேட்டில் சேர்ப்பார். பணம் பொருளாளர் கையில் இருக்கும். எந்த நாளில், எந்த அறையில் கூட்டம் என்பதைச் செயலாளர் முன்மொழியலாம், முடிவு பேராசிரியருடையது. சென்ற ஆண்டுச் செயலாளரிடம் பத்து நிமிடம் பேசினாலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

இது தெரியாதவர்கள்தான், தங்களால் தர முடியாததைத் தருவதாக எழுதுகிறார்கள். "நிகழ்ச்சிக்கு வருகிற எல்லாருக்கும் ஓ.டி. வாங்கித் தருவேன்" என்ற வாக்குறுதி அடிக்கடி காதில் விழுகிறது. ஓ.டி. தருவது துறைத் தலைவர், முதல்வர் ஆகியோரின் அதிகாரம். மாணவச் செயலாளர் கேட்கலாமே தவிர, வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க முடியாது. முதலாண்டு மாணவர்கள் நம்பி வாக்களித்துவிடுவார்கள். முதல் நிகழ்ச்சியிலேயே வருகைப்பதிவு போய், கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். தன் கையில் இருப்பதற்கு "செய்வேன்" என்றும், அடுத்தவர் அனுமதி வேண்டியதற்கு "கேட்பேன்" என்றும் பிரித்து எழுதினாலே வாக்குறுதி நேர்மையாகிவிடும்.

கயல்விழியிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று துருவிக் கேட்டால் ஒன்று வெளிவருகிறது. சென்ற ஆண்டு தன் துறையில் ஒரு நிமிடப் பேச்சுப் போட்டி நடத்தியிருக்கிறார். பெயர் சேர்த்தது, தலைப்புகளை ஒரு வாரம் முன்பே கொடுத்தது, சான்றிதழ் எழுதியது எல்லாம் அவரே. 42 பேர் பேசியிருக்கிறார்கள். அதை அவர் பெரிதாகவே நினைக்கவில்லை. தாளில் இருக்க வேண்டியது அதுதான். 42 என்ற எண்ணைத் துறையில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துச் சரிபார்க்கலாம். தலைமைப் பண்பை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

மன்றத்தில் அவர் கண்ட குறைகளும் இரண்டு உண்டு. கூட்டத்தின் தலைப்பு முந்தின நாள்தான் தெரியவருகிறது. கூட்டம் மாலை நான்கு மணிக்குமேல் தொடங்குவதால் கல்லூரிப் பேருந்தில் போகிறவர்கள் வரவே முடிவதில்லை. இரண்டுமே செயலாளர் கைவைக்கக்கூடிய விஷயங்கள். இப்போது தாள் இப்படி ஆகிறது:

தமிழ் மன்றச் செயலாளர் பதவிக்கு
கயல்விழி
இயற்பியல், இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு எங்கள் துறையில் ஒரு நிமிடப் பேச்சுப் போட்டி நடத்தினேன். 42 பேர் பேசினார்கள்.

மாதக் கூட்டத்தின் தலைப்பை ஏழு நாள் முன்பே இந்தப் பலகையில் வைப்பேன்.

பேருந்தில் போகிறவர்களும் வரும்படி, இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டத்தை மதிய இடைவேளையில் நடத்த ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதி கேட்பேன்.

வாக்குப்பதிவு: ஆகஸ்ட் 12, புதன், காலை 10 முதல் 1 வரை, கருத்தரங்க அறை.

இதில் "வாக்களியுங்கள்" என்ற சொல்லே இல்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வாக்குப்பதிவின் நாளும் இடமும்தான் தெரிய வேண்டும். பலர் மறந்துவிடுவதும் அதைத்தான்.

தாளைப் படிப்பவர் அடுத்த வகுப்புக்குப் போகிற வழியில் நிற்கிறவர். பலகைக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஐந்தடியில் நிற்கிறவருக்கு அரை அங்குலம் வேண்டும். ஏ4 தாளில் எல்லா வரியையும் அந்த அளவில் எழுத இடம் போதாது. அதனால் பெயரையும் பதவியையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் எழுதிவிட்டு, மற்றதைக் கிட்ட வந்து படிக்கும் அளவில் விடலாம். தமிழில் கொம்பும் சுழியும் வரிக்கு மேலும் கீழும் நீளும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடாவிட்டால் மேல்வரியின் "ழு" கீழ்வரியின் "ணி"யில் முட்டி, இரண்டுமே புரியாமல் போகும்.

கையால் எழுதுவதே நல்லது என்பேன். செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு விதிகளைப் பரிந்துரைத்தது. அவற்றை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் உத்தரவிட்டது. அச்சடித்த சுவரொட்டியும் துண்டறிக்கையும் கூடாது, கையால் செய்த சுவரொட்டியை முன்கூட்டியே அறிவித்த இடங்களில் மட்டும் வைக்கலாம், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. சாதி, மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்பதையும் எதிர் வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பேசுவதையும் அவை தடுக்கின்றன. ஒரு சிறிய மன்றத் தேர்தலுக்கு இவையெல்லாம் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் தனக்கென்று விதி எதுவும் எழுதிவைக்காத மன்றம், இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் கெட்டுப்போகாது. பணமுள்ளவர் வண்ணத்தில் அச்சடித்து ஒட்டுவதும் இல்லாதவர் கூசி ஒதுங்குவதும் அதோடு நின்றுவிடும்.

பலகையில் கைபேசி எண் வேண்டாம். முக்கியமாக மாணவிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகையைப் படம் எடுப்பவர் யார், அந்தப் படம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. "மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்துக்கு வெளியே இருப்பேன்" என்ற ஒரு வரி, எண் செய்யும் வேலையைச் செய்துவிடும்.

இந்தத் தாளையே படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டால் போதாதா? போதாது. குழுவில் இருப்பவர்களுக்குக் கயல்விழியைத் தெரியும். எந்தத் துறை, எந்த ஆண்டு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் தரவிறங்கினால்தான் தெரியும், அதிலிருந்து தேதியை நகலெடுப்பதும் எல்லாருக்கும் எளிதல்ல. அதனால் எழுத்தாகவே போட வேண்டும், நேரில் பேசுகிற தமிழில் போட வேண்டும். ஆனால் அந்தக் குழுவில் வகுப்பு ஆசிரியரும் இருப்பார் என்பதால் "மச்சி"க்கு இடமில்லை. இப்படி எழுதலாம்:

*தமிழ் மன்றத் தேர்தல்: புதன் காலை 10 முதல் 1 வரை, கருத்தரங்க அறை*
செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். போன வருஷம் நம்ம துறையில் நடந்த ஒரு நிமிடப் பேச்சுப் போட்டி ஞாபகம் இருக்கும், நம்ம வகுப்பில் மட்டும் 11 பேர் பேசினீங்க. மன்றக் கூட்டத்துக்கும் அதே மாதிரி ஒரு வாரம் முன்னாடியே தலைப்பு சொல்லிடுவேன். பஸ்ஸில் போறவங்களுக்காக மதியம் ஒரு கூட்டம் வைக்க சார்கிட்ட கேட்பேன். கேள்வி இருந்தா இங்கேயே கேளுங்க.

முதல் வரியில் வணக்கம் இல்லாததற்குக் காரணம் உண்டு. செய்தியைத் திறக்கும் முன், அரட்டைப் பட்டியலில் முதல் சில சொற்கள்தான் தெரியும். "அனைவருக்கும் வணக்கம், நான் உங்கள்..." என்று தொடங்கினால் பட்டியலில் தெரிவது அவ்வளவே. அது நூறு செய்திகளுக்கு நடுவில் அப்படியே கிடந்துவிடும். வரியின் இரு முனையிலும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்தில் காட்டும். செய்தி மிக நீண்டால் மீதியை Read more என்பதற்குப் பின்னால் மறைத்துவிடும். பலர் அதைத் தொடுவதில்லை. அறுபது எழுபது சொல்லோடு நிறுத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

மற்ற வகுப்புகளின் குழுக்களில் அவர் உறுப்பினராக இருக்கமாட்டார். அங்கே அந்தந்த வகுப்புப் பிரதிநிதிதான் போட வேண்டும். அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் "நம்ம துறை", "நம்ம வகுப்பு" எல்லாம் போய், "இயற்பியல் இரண்டாம் ஆண்டு கயல்விழி" என்பது வர வேண்டும். பேச்சும் கொஞ்சம் பலகைத் தமிழ்ப் பக்கம் நகரும். பிரதிநிதி அப்படியே அனுப்பிவிட்டால் மேலே Forwarded என்று விழும். பலர் அதைப் பார்த்ததுமே படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். நகலெடுத்து ஒட்டச் சொல்வது நல்லது. அந்தப் பிரதிநிதியே இன்னொரு வேட்பாளரின் நண்பராக இருந்தாலும், எல்லா வேட்பாளர்களின் செய்தியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரத்தில் போடும்படி ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டால் யாருக்கும் குறை இருக்காது.

அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸ்அப் இடம் தருகிறது. அதன் பிறகு தேதியோ அறையோ மாறினால், "மாற்றம்" என்று தொடங்கும் புதுச் செய்தி போட வேண்டும். அதே நாளில் பலகைத் தாளிலும் பழையதை ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். அறை மாறியது குழுவுக்கு மட்டும் தெரிந்து பலகைக்குத் தெரியாமல் போனால், புதன்கிழமை பத்து மணிக்குப் பூட்டிய கதவின் முன் வந்து நிற்பவர்கள் குழுவில் இல்லாத வாக்காளர்கள்தான்.