நின்று கேட்கும் காணொளி

வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். ஒரு மாணவர் புருவத்தைச் சுருக்கினால், சொன்னதை வேறு விதமாக மீண்டும் சொல்கிறார். “இனி என்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்கிறார். இணையப் பாடக் காணொளியில் இதற்கு வழியில்லை. கேட்பவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் குரல் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இக்குறையைத் தணிப்பதற்காகவே காணொளியின் இடையிடையே திரைவினாக்களும் நிறுத்தங்களும் சேர்க்கப்படுகின்றன.

திரைவினா என்பது, காணொளி தானாக நின்று, திரையில் ஒரு வினாவையும் சில விடைத்தெரிவுகளையும் காட்டுவதாகும். மாணவர் விடையளித்த பிறகே காணொளி தொடரும். நிறுத்தம் என்பதோ, மாணவர் தாமே ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு விடப்படும் இடைவெளி. அவர் தாளில் ஒரு படத்தை வரையலாம்; ஒரு காரணத்தை எழுதலாம். முடித்ததும் ‘தொடர்க’ என்னும் பொத்தானை அழுத்துவார்.

இவ்வாறு நின்று கேட்பதால் பயன் உண்டா? ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவர்கள் 21 நிமிடப் புள்ளியியல் பாடக் காணொளி ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு தேர்வு எழுதிய மாணவர்களின் மனம், தேர்வு எழுதாதவர்களின் மனத்தைவிட ஏறத்தாழப் பாதி அளவே அலைபாய்ந்தது. அவர்கள் குறிப்புகளையும் மிகுதியாக எடுத்தார்கள். இறுதித் தேர்விலும் சிறப்பாகச் செய்தார்கள்.

ஆயினும், வினாவை ஏதோ ஓரிடத்தில் செருகிவிட்டால் போதாது. காணொளியைப் பதிவுசெய்த பிறகு வினாவைத் தேடுவதைவிட, ஆசிரியர் பேசவிருக்கும் உரையை எழுதும்போதே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி காண்போம். அறிவியல் பாட உரை ஒன்று முதலில் இவ்வாறு எழுதப்பட்டதாகக் கொள்வோம்:

“குவளையில் விளிம்புவரை நீர் உள்ளது. அதில் பனிக்கட்டி மிதக்கிறது. பனிக்கட்டி உருகினாலும் நீர் வழியாது. ஏனெனில், மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரையே விலக்குகிறது.”

இந்த உரையில் பிழை ஏதுமில்லை. ஆனால், இதன் இறுதியில் “பனிக்கட்டி உருகினால் நீர் வழியுமா?” என்று கேட்டால், மாணவர் இப்போதுதான் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார். அவர் சிந்தித்தாரா என்பது தெரியாது. ஆகவே, வினா விடைக்கு முன்னால் வர வேண்டும். அதற்கு உரையையே பிரித்து எழுத வேண்டும்:

பேச்சு: குவளையில் விளிம்புவரை நீர் உள்ளது. அதில் பனிக்கட்டி மிதக்கிறது. அதன் ஒரு சிறு பகுதி நீருக்கு மேலே தெரிகிறது.
திரை: குவளையின் படம். உருகிய பிந்தைய நிலையைக் காட்டக் கூடாது.
அமைதி: 2 வினாடி.
திரைவினா: பனிக்கட்டி முழுவதும் உருகிய பின் என்ன நடக்கும்?
அ. நீர் வழியும்  ஆ. நீர்மட்டம் குறையும்  இ. நீர்மட்டம் மாறாது
மறுமொழி: உங்கள் விடை பதிவாகிவிட்டது. காரணத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

இங்குள்ள தவறான விடைகள் வெறுமனே இடத்தை நிரப்ப வந்தவை அல்ல. மேலே தெரியும் பகுதியும் நீராகிக் கூடுதலாகச் சேரும் என்று எண்ணுபவர் ‘அ’வைத் தேர்ந்தெடுப்பார். பனிக்கட்டி உருகினால் சுருங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் ‘ஆ’வைத் தேர்ந்தெடுப்பார். மாணவரின் மனத்தில் உண்மையிலேயே தோன்றக்கூடிய எண்ணமே நல்ல தவறான விடையாகும். இது பாடம் தொடங்கும்முன் கேட்கும் ஊக வினா என்பதால், சரி தவறு உடனே சொல்லப்படவில்லை. விடையறியும் ஆவலோடு மாணவர் விளக்கத்தைக் கேட்பார். இரண்டு வினாடி அமைதிக்கும் காரணம் உண்டு. அந்த இடைவெளி இல்லாவிட்டால், நிறுத்தம் சற்றே பிந்தும்போது அடுத்த வாக்கியத்தின் முதற்சொல் காதில் விழுந்துவிடும்.

அடுத்து விளக்கம் வருகிறது. 50 கன சென்டிமீட்டர் பனிக்கட்டியின் எடை ஏறக்குறைய 46 கிராம். அது மிதக்கும்போது 46 கிராம் நீரை, அதாவது 46 கன சென்டிமீட்டர் நீரை விலக்குகிறது. மீதி 4 கன சென்டிமீட்டர் பகுதி மேலே தெரிகிறது. உருகிய பின் 46 கிராம் பனிக்கட்டி 46 கன சென்டிமீட்டர் நீராகிறது. முன்பு விலக்கிய இடத்தை அது சரியாக நிரப்புவதால் நீர்மட்டம் மாறுவதில்லை.

இவ்விளக்கம் முடிந்ததும் ஒரு நிறுத்தம் பொருத்தமாக இருக்கும். “குவளையை வரைந்து, நீருக்குள் இருக்கும் பகுதிக்கு வண்ணம் தீட்டுங்கள்” என்று திரை கேட்கலாம். விளக்கத்தின் நடுவில், 46 என்னும் எண் வந்தவுடன் நிறுத்தினால் சிந்தனையின் தொடர்பு அறுந்துவிடும். ஒரு கருத்து முழுமை பெற்ற இடமே நிறுத்தத்திற்கு உரிய இடம்.

பிறகு இரண்டாம் திரைவினா வருகிறது: “100 கன சென்டிமீட்டர் பனிக்கட்டி மிதந்தால், எவ்வளவு பகுதி நீருக்குள் இருக்கும்?” தெரிவுகள் 8, 92, 100. இம்முறை எண்கள் புதியவை. ஆகவே, கேட்டதை ஒப்பித்தால் போதாது. 92 சரியான விடை. 8 என்றவர் மேலே தெரியும் பகுதியைச் சொல்லியிருக்கிறார். 100 என்றவர் பனிக்கட்டி முழுவதும் மூழ்கும் என நினைத்திருக்கிறார். எனவே, ஒவ்வொரு விடைக்கும் தனித்தனி மறுமொழி எழுத வேண்டும். “தவறு, மீண்டும் முயல்க” என்பது மாணவருக்கு எதையும் கற்பிக்காது. “நீங்கள் சொன்னது மேலே தெரியும் பகுதி, வினா கேட்பது எப்பகுதியை?” என்பது கற்பிக்கும்.

உரை முடிந்ததும் அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பாடத்தைப் பார்க்காத ஒருவரிடம் வினாக்களை மட்டும் கொடுத்து விடையளிக்கச் சொல்லலாம். பாடமே தெரியாமல் அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால், வினாவிலேயே விடை ஒளிந்திருக்கலாம். சரியான விடை மட்டும் நீளமாகவும் விரிவாகவும் அமைந்திருப்பது இதற்குப் பொதுவான காரணம். மேலும், கீழே ஓடும் வசன வரிகள் விடைத்தெரிவுகளை மறைக்கின்றனவா என்பதையும் கைப்பேசித் திரையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் விடையளித்த பிறகு அவ்விடைகளே ஆசிரியருக்குச் செய்தி சொல்கின்றன. இரண்டாம் வினாவுக்குப் பெரும்பாலோர் 8 என்று சொன்னால், அவர்கள் கவனிக்கவில்லை என்று முடிவுசெய்யலாகாது. வினாவின் சொற்களோ அதற்கு முன்னுள்ள விளக்கமோ தெளிவாக இல்லை. அவற்றைத் திருத்தி எழுத வேண்டும். ஆனால், ஓர் எல்லையையும் மறக்கக் கூடாது. மூன்று தெரிவுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், அது சரியாக அமைய மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாணவர் எப்படிச் சிந்தித்தார் என்பதைத் திரைவினா முழுமையாகக் காட்டாது. நிறுத்தத்தின்போது தாளில் வரைந்த படமே அதை ஆசிரியருக்குக் காட்டும்.