மலிவு சர்வரில் ஒரு மாதிரி

பயிற்சி முடிந்த மாதிரியையும் அது இயங்கத் தேவையான பைத்தான் நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டித் தருவது டாக்கர். பொதிக்குள் இருக்கும் ஏபிஐ நிரல் கோரிக்கையை வாங்கி, மாதிரியிடம் கொடுத்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது.

1 ஜிபி நினைவகமுள்ள மலிவு சர்வரில் தகராறு பெரும்பாலும் நினைவகத்தில்தான் தொடங்கும். மாதிரி 300 எம்பி பிடிப்பதாகக் கொள்வோம். வேகம் கருதி 4 வொர்க்கர்களை ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிரதியை ஏற்றிக்கொள்ளும். மொத்தம் 1,200 எம்பி. லினக்ஸ் அவற்றில் ஒன்றை நிறுத்திவிடும். பயனருக்குத் தெரிவது பதில் வராத கோரிக்கை மட்டுமே. காரணம் `dmesg` பதிவில் `Out of memory` என்ற வரியாக இருக்கும்.

இங்கே ஒரே வொர்க்கர்தான் சரி:

```
uvicorn main:app --host 0.0.0.0 --workers 1
```

மாதிரியைக் கோரிக்கைதோறும் ஏற்றாமல், தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றினால் போதும். `0.0.0.0` விடுபட்டால், நிரல் நலமாக ஓடினாலும் வெளியிலிருந்து வரும் கோரிக்கை பொதிக்குள் நுழையாது.