தொங்கும் கதவுக்கு எந்தத் திருகு?

எங்கள் சமையலறை சிங்குக்குக் கீழே இரட்டைக் கதவு இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். இடது கதவின் நடுப்பக்க மூலை மெல்ல மெல்ல 2 மி.மீ. இறங்கிவிட்டது. இரண்டு கதவுக்கும் இடையிலான சந்து மேலே ஒன்றரை மி.மீ., கீழே நாலரை மி.மீ. என்று கோணலாகிப் போனது. மூலை இறங்கினால் கதவைத் தூக்க வேண்டும் என்று நினைத்து, உயரத்துக்கான திருகுகளைத் தளர்த்திக் கதவை ஏற்றினேன். கதவு மொத்தமாக மேலே போனதே தவிர கோணல் போகவில்லை. கீல் பக்க மூலை கிரானைட் மேடையில் உரசத் தொடங்கியது.

பார்க்க வந்த தச்சர் முதல் காரியமாகக் கதவைப் பழைய உயரத்துக்கே இறக்கினார். "தொங்குற கதவுக்கு உயரத் திருகைத் தொடாதீங்க சார். பக்கத் திருகுதான்" என்றார்.

வெளியே தெரியாத இந்தக் கீலைக் கடைகளில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டு வாங்குவோம். கதவின் பின்புறத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள குழி, அதில் ஒரு கிண்ணம். கிண்ணத்திலிருந்து நீளும் கை, அலமாரியின் பக்கப் பலகையில் பதித்த பிளேட்டில் மாட்டியிருக்கும். அந்தக் கையில் கதவுக்கு அருகில் இருப்பது பக்கத் திருகு. கதவை இடம் வலமாக நகர்த்தும். அதற்குப் பின்னால், உள்ளே தள்ளி இருப்பது ஆழத் திருகு. கதவை முன்னும் பின்னும் கொண்டுபோகும். உயரம் மாற வேண்டுமென்றால் பிளேட்டின் மேலும் கீழும் உள்ள திருகுகளை இரண்டு கீலிலும் தளர்த்தி, கதவை நகர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். மூன்று திசையிலும் கிடைப்பது ஏறக்குறைய 2 மி.மீ. இடம்தான்.

மூலை இறங்குகிறது என்றால் கதவு சுழன்றிருக்கிறது என்று பொருள். இடது பக்கம் கீல் உள்ள கதவின் வலது மூலை தாழ்ந்தால், கதவின் மேல்பகுதி வலப்புறமாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் சந்து மேலே குறுகிக் கீழே விரிந்தது. மேல் கீலை இடப்புறமும் கீழ்க் கீலை வலப்புறமும் நகர்த்தினால் கதவு திரும்பச் சுழலும், மூலை தானாக ஏறும். எங்கள் கதவில் இரண்டு கீலுக்கும் இடையே 50 செ.மீ. மேலே ஒரு மி.மீ., கீழே எதிர்த்திசையில் ஒரு மி.மீ. நகர்த்தியதே போதுமானதாக இருந்தது. சந்து முழு நீளத்துக்கும் 3 மி.மீ. ஆனது, மூலையும் வலது கதவோடு ஒரே கோட்டுக்கு வந்தது. தச்சர் சந்தை அளந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. நான்கு ஏ.டி.எம். அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் 3 மி.மீ.; அதைச் சந்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார், எங்கேயும் சிக்கவில்லை.

திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். கால் சுற்று திருப்பிக் கதவை மூடிப் பாருங்கள், போகிற திசை தெரிந்துவிடும். சில கீல்களில் ஆழத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் பக்கத் திருகு வேலை செய்யும். முடிந்ததும் அதை இறுக்க மறக்கக் கூடாது. கையால் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிடித்தே செய்யுங்கள். டிரில் மெஷின் வேகத்தில் திருகின் தலை தேய்ந்துவிடும்.

மேல் விளிம்பு சாயாமல் முழு அகலத்துக்கும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் மட்டுமே உயரத் திருகுக்கு வேலை. பக்கத்துக் கதவைவிட ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் ஆழத் திருகு. ஆனால் கதவை அளவுக்கு மீறி உள்ளே இழுத்தால் கீல் பக்க விளிம்பு பலகையில் முட்டும். மூடும்போது கதவு திருப்பித் தள்ளும். அங்கே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும். பலகையே முறுக்கிக்கொண்ட கதவில் ஒரு மூலை ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். மேல் கீழ் ஆழத்தை மாற்றி அந்தக் குறையை இரண்டு மூலைக்கும் பங்கிடலாம், போக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிளேட் அசைந்தால் எந்தச் சரிசெய்தலும் நிற்காது. சிங்குக்குக் கீழே ஈரம் ஏறி உப்பிய பார்ட்டிக்கிள் போர்டில் திருகு பிடிமானமின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது பிளேட்டைக் கழற்றி, ஓட்டையில் மரப்பசை தடவிய மூங்கில் குச்சியை இறுக்கமாக அடித்து, மட்டமாக வெட்டி, ஒரு இரவு காயவிட்டுத் திருகைப் போட வேண்டும். பலகை விரலால் அழுத்தினாலே உதிர்கிறது என்றால் குச்சியும் நிற்காது. பிளேட்டைச் சில செ.மீ. மேலோ கீழோ நல்ல பலகைக்கு மாற்றி, கதவில் அதற்கு நேராகப் புதிய குழி போட வேண்டியதுதான்.