பிரேக் அழுத்திய பிறகு ஓடும் தூரம்

கார் 1 மைல் வேகம் கூடினால், நிறுத்த எத்தனை அடி கூடுதலாக வேண்டும்? 1920களில் அமெரிக்காவில் அளந்த 50 பதிவுகள் இதற்கு விடை தேட உதவுகின்றன. R மென்பொருளில் `cars` என்ற பெயரில் அவை இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் இரண்டே எண்கள்: மணிக்கு எத்தனை மைல் வேகம், நிற்பதற்குள் எத்தனை அடி ஓடியது.

நாம் அறிய விரும்புவது ஓடிய தூரம். அதுவே சார்ந்த மாறி. அதைக் கணிக்கக் கையில் எடுப்பது வேகம். அது விளக்க மாறி. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வேறொரு கோடு கிடைக்கும். அதனால் எதைக் கணிக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

```
lm(dist ~ speed, data = cars)
```

இந்தக் கட்டளை தரும் கோடு: தூரம் = −17.579 + 3.932 × வேகம். 14 மைல் வேகத்துக்குக் கணக்கிட்டால் 37.5 அடி வருகிறது. இது பொருத்திய மதிப்பு, அதாவது அந்த வேகத்துக்குக் கோடு சொல்லும் தூரம். அதே 14 மைலில் சென்ற நான்கு பதிவுகளில் உள்ள தூரங்களோ 26, 36, 60, 80 அடி.

அளந்ததிலிருந்து பொருத்திய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது எச்சம். 80 அடி ஓடிய காருக்கு எச்சம் +42.5, 26 அடிக்கு −11.5. எல்லா எச்சங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும் கோட்டையே கணினி தேர்ந்தெடுக்கிறது. எச்சம் என்றால் யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்று பொருளல்ல. சாலை, டயர், ஓட்டுநர் என வேகத்தைத் தவிர்த்த அனைத்தும் அதில்தான் வந்து சேர்கின்றன.

பண்பளவை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேகத்துக்கும் தூரத்துக்கும் இடையே உண்மையில் உள்ள சரிவு ஒன்று உண்டு என்று நாம் கொள்கிறோம். அந்தச் சரிவுதான் பண்பளவை, அதை நாம் பார்த்ததில்லை. 3.932 என்பது இந்த 50 பதிவுகளைக் கொண்டு போட்ட மதிப்பீடு மட்டுமே. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 3.1 முதல் 4.8 வரை செல்கிறது. கோட்டின் வெட்டு இன்னொரு பண்பளவை. அதன் மதிப்பீடான −17.579-ஐ அப்படியே படித்தால், நின்றுகொண்டிருக்கும் கார் எதிர்மறைத் தூரம் ஓடியதாக ஆகும். பதிவுகள் 4 மைலில்தான் தொடங்குகின்றன, அதற்குக் கீழே இந்தக் கோட்டை நம்ப முடியாது.

நான் முதலில் பார்ப்பது எச்சங்களைத்தான். வேகத்துக்கு எதிராக அவற்றை வரைந்தால், மிகக் குறைந்த வேகத்திலும் மிக அதிக வேகத்திலும் பெரும்பாலும் நேர்மறை, நடுவில் பெரும்பாலும் எதிர்மறை. இப்படி வளைவு தெரிந்தால் நேர்கோடு போதவில்லை என்று அறியலாம். காரணம் இயற்பியலில் இருக்கிறது: பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தையொட்டி வளர்கிறது. அடுத்து வேகத்தின் வர்க்கத்தையும் விளக்க மாறியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.