சர்க்கரை அடங்கினால் மட்டும் போதுமா?

சர்க்கரை அடங்கிவிட்டால் இருதயத்துக்கும் அபாயம் நீங்கிவிட்டது என்ற அபிப்பிராயம் நீரிழிவுக்காரர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இது பிழையென்பதற்குச் சாட்சியம் ஏராளம்.

சென்னையில் திருமங்கலத்திலும் தியாகராய நகரிலும் நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2001-ல் வெளியாயிற்று. சர்க்கரை சரியாயிருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. நீரிழிவுள்ளவர்களிலோ நூற்றுக்கு 21 பேருக்கு இருந்தது. அப்படியானால் சர்க்கரையை மேலும் மேலும் குறைத்தால் தீருமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் பதினாயிரம் பேரைக் கொண்டு அதையே சோதித்தார்கள். மிகக் கடுமையாகச் சர்க்கரையைக் குறைத்த பிரிவிலேயே மரணம் அதிகப்பட்டதால், 2008-ல் அம்முறையை நிறுத்தினார்கள். இதனால் சர்க்கரையை அலட்சியம் செய்யலாமென்பதில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது அதுவே. இருதயத்தின் வழக்கு வேறு.

இரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள் குழாயின் சுவருக்குள் புகுந்து படிகிறது. உயர்ந்த அழுத்தம் அச்சுவரை ஓயாமல் தாக்குகிறது. படிவு ஒருநாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியடைக்கிறது, அதுவே மாரடைப்பு. நீரிழிவில் இத்துகள்கள் சிறியனவாயும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருப்பதுண்டு. ஆகையால் கொழுப்பின் அளவு சாதாரணமாகத் தோன்றினாலும் அபாயம் இருக்கக்கூடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும், கொழுப்பு அதிகமில்லாத 2,838 நீரிழிவுக்காரர்களில் ஒரு பிரிவுக்கு அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியன மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன என்று 2004-ல் அறிவித்தார்கள்.

மறைமலை நகர்த் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் 52 வயதினர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.8, அவர் மகிழ்கிறார். ஆனால் எல்.டி.எல். 128, அழுத்தம் 148/92. எல்.டி.எல். 70-க்குக் கீழும், அழுத்தம் 130/80-க்குக் கீழும் வரவேண்டும். ஐந்து நிமிஷம் அமர்ந்திருந்து, கையை மார்பளவில் வைத்து, வெவ்வேறு நாளில் அளந்தபின்பே அழுத்தத்தை நிச்சயிக்கவேண்டும். தக்க அளவு ஸ்டாடின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய பாதியாக்கும். ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மறுபரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். 64 என்று கண்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மாத்திரையினால்; நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவே திரும்பும். ஸ்டாடின் சர்க்கரையைச் சற்றே உயர்த்தலாம். ஆனால் இருதயத்துக்கு வரும் நன்மை அதனினும் பெரிது. சிலருக்குத் தசைவலி உண்டாகும். அப்பொழுது தாமே நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

அடுத்தமுறை சர்க்கரைக்கு இரத்தம் கொடுப்பவர், எல்.டி.எல். எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டறிந்த பின்னரே வீடு திரும்பவேண்டும்.